ஈழத்தலரி இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி: துரு நோயை அறிவதும் பரவாமல் தடுப்பதும்

ஈழத்தலரி மரத்தை நாம் பெரும்பாலும் மேலிருந்தோ எதிரில் நின்றோதான் பார்க்கிறோம். கண் பூங்கொத்துக்குப் போய்விடுகிறது. இலையின் மேற்பக்கம் பச்சையாகப் பளபளத்தால் மரம் நன்றாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். துரு நோய்க்கு இது மிகவும் வசதியாகப் போய்விடுகிறது. அது குடியேறுவதும் பெருகுவதும் வித்துகளைக் காற்றில் விடுவதும் இலையின் அடிப்பக்கத்தில்தான். மேற்பக்கத்தில் பழுப்புத் திட்டுகள் பளிச்சென்று தெரியும் நாளில் அடிப்பக்கத்துப் பூஞ்சை பலமுறை வித்துகளை உதிர்த்து முடித்திருக்கும்.

நர்சரிகளில் ப்ளூமேரியா என்று விற்கப்படும் பெரும்பாலான வகைகளுக்கும் இந்த நோய் பொது. வகைக்கு வகை தாக்கம் கூடும், குறையும். ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று ஆரஞ்சாகிக் கிடக்க, மற்றது ஏறக்குறைய சுத்தமாக இருப்பதும் உண்டு.

முதலில் இலையைத் திருப்புங்கள்

கீழ்க்கிளைகளில் உள்ள முதிர்ந்த இலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பறிக்க வேண்டாம், மெல்லத் திருப்பினால் போதும். துரு வந்திருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு கொப்புளங்கள் ஆங்காங்கே தெரியும். நிறம் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. தொடக்கத்தில் அவை சிதறிக் கிடக்கும். நாளாக ஆக ஒன்றோடொன்று சேர்ந்து, அடிப்பக்கம் முழுவதும் பொடி பூசியதுபோல ஆகிவிடும். ஒரு கொப்புளத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், இலையின் மேல்தோல் கிழிந்து அதன் வழியாகப் பொடி பிதுங்கி நிற்பது தெரியும். துருவை இலையின்மீது வந்து படிந்த தூசியிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் இதுதான். தூசி வெளியிலிருந்து விழுந்தது. துருப் பொடியோ இலைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

இப்போது அதே இடத்தின் மேற்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கொப்புளத்துக்கும் நேர் மேலே வெளிறிய மஞ்சள் புள்ளி இருக்கும். நோய் முற்றும்போது அந்தப் புள்ளி சற்றே குழிந்து, சாம்பல் நிறமாகிப் பின்பு பழுப்பாக மாறும். சிறு நரம்புகள் எல்லை வகுப்பதால் அந்தத் திட்டு வட்டமாக இல்லாமல் கோணல்மாணலாகத் தெரியும். இந்த நிலையை எட்டிய இலை ஓரம் சுருண்டு, மஞ்சளாகி, காலத்துக்கு முன்பே உதிர்ந்துவிடுகிறது. கொப்புளங்கள் இலையில்தான் வருகின்றன. தண்டு, பூ ஆகியவற்றில் ஆரஞ்சுப் பொடி பொங்கி நின்றால் அது வேறு ஏதோ ஒன்று என்று சந்தேகிக்க வேண்டும்.

உறுதி செய்ய ஒரு சிறு சோதனை போதும். ஒட்டும் ஒளிபுகு டேப் ஒரு துண்டை எடுத்து, இலையின் அடிப்பக்கத்தில் மெதுவாக அழுத்தி எடுங்கள். அதை வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். மகரந்தம் போன்ற ஆரஞ்சுப் புள்ளிகள் பதிந்திருந்தால் அது துரு. விரலால் தேய்த்துப் பார்ப்பதைவிட இந்த முறை நல்லது. விரலில் ஒட்டிய பொடி அடுத்த இலைக்கும் அடுத்த செடிக்கும் போகும், டேப்பில் ஒட்டியது அங்கேயே நின்றுவிடும்.

சிலந்திப்பேன் என்று நினைத்துவிட்டால்

துருவோடு பெரும்பாலும் குழப்பிக்கொள்ளப்படுவது சிலந்திப்பேன் தாக்குதல். அதிலும் இலையின் மேற்பக்கம் ஊசியால் குத்தியதுபோல மஞ்சள் புள்ளிகளாகும், அடிப்பக்கத்தில் தூசி படிந்ததுபோல இருக்கும், இலை உதிரும். ஆனால் அந்தத் தூசியை வெள்ளைத் தாளின்மேல் தட்டிவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் சில புள்ளிகள் நகரும். நரம்போரங்களில் மெல்லிய நூலாம்படையும் காணப்படும். துருப் பொடி நகராது, அதில் நூலும் இல்லை.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சிலந்திப்பேனுக்கு எளிய வைத்தியம், இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது. பேன் வறட்சியில் பெருகுவது. தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். அதே வைத்தியத்தைத் துருவுக்குச் செய்தால் என்ன ஆகும்? வித்துகள் நீர்த்துளிகளோடு தெறித்துப் பக்கத்து இலைகளுக்குப் போகும். அவை முளைக்கத் தேவையான ஈரத்தையும் நாமே கொடுத்துவிட்டிருப்போம். நல்லெண்ணத்தோடு தினமும் செடியைக் குளிப்பாட்டி, மரத்தை முழு ஆரஞ்சாக ஆக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே குழாயைத் திறப்பதற்கு முன் டேப் சோதனையைச் செய்துவிடுங்கள்.

வெண்மையான பொடி என்றால் அது சாம்பல் நோய். பஞ்சு போன்ற வெண்மை என்றால் மாவுப்பூச்சி. இரண்டும் வேறு கதை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கொப்புளங்களுக்கு நடுவே மிகச் சிறிய ஆரஞ்சு நிறப் புழுக்கள் ஊர்வதைச் சில நேரம் பார்க்கலாம். அவற்றைக் கண்டு பதறிப் பூச்சிக்கொல்லியைத் தேட வேண்டாம். மைக்கோடிப்ளோசிஸ் என்னும் நுண் ஈக்களின் புழுக்கள் துரு வித்துகளைத் தின்று வாழ்பவை. தின்ற வித்துகளின் நிறமே அவற்றின் உடலில் தெரிகிறது. இலைக்கு அவற்றால் கெடுதல் இல்லை. நோயை அடக்கிவிடும் அளவுக்கு அவை தின்பதும் இல்லை.

இலைக்குள் நடப்பது என்ன

இந்த நோய்க்குக் காரணமான பூஞ்சையின் பெயர் கோலியோஸ்போரியம் ப்ளூமேரியே. கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு, பிரெஞ்சுப் பூஞ்சையியல் அறிஞர் பட்டூயார் 1902இல் இதை விவரித்தார். ஈழத்தலரியின் தாயகமும் வெப்பமண்டல அமெரிக்காதான். மரம் உலகம் முழுவதும் பயணம் போனது. பூஞ்சை பின்னாளில் அதன் வழியே வந்து சேர்ந்துகொண்டது.

நீங்கள் பார்க்கும் ஆரஞ்சுப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு ஈழத்தலரி இலையில் போடுகிறது. மழைத்துளியின் தெறிப்பும் நம் கையும் சட்டையும் கத்தரியும் அதே வேலையைச் செய்கின்றன. ஆனால் இலையில் விழுந்த உடனே நோய் வந்துவிடுவதில்லை. வித்து முளைக்க இலையின்மேல் சில மணி நேரமாவது மெல்லிய நீர்ப்படலம் இருக்க வேண்டும். அந்த ஈரத்தில் வித்து முளைத்து, நுண்ணிய குழாய் ஒன்றை நீட்டி, இலைத்துளையைத் தேடி உள்ளே நுழைகிறது. ஈழத்தலரியின் இலைத்துளைகள் அடிப்பக்கத்தில் இருப்பதால்தான் நோயும் அடிப்பக்கத்திலிருந்தே தொடங்குகிறது.

உள்ளே போன பூஞ்சை இலையின் செல்களைக் கொன்றுவிடாமல் அவற்றிடமிருந்தே உணவை உறிஞ்சிக்கொண்டு வளர்கிறது. உயிருள்ள பச்சை இலை இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த பருவத்தில் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் புதிய கொப்புளம் வெடித்து, புதிய வித்துகள் வெளியே வருகின்றன. அவை மீண்டும் ஈழத்தலரியையே தாக்குகின்றன. இடையில் வேறு செடி எதுவும் தேவையில்லை. ஒரு மழைக்காலத்தில் இந்தச் சுற்று பலமுறை நடந்துவிடும். முதலில் ஐந்து இலைகளில் இருந்தது மாத முடிவில் மரம் முழுக்க இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கதையில் பூஞ்சையின் இரண்டு பலவீனங்கள் தெரிகின்றன. இலை காய்ந்திருந்தால் வித்தால் உள்ளே நுழைய முடியாது. பச்சை இலையே இல்லாவிட்டால் பூஞ்சையால் பெருக முடியாது. நாம் செய்யக்கூடிய எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்து நடப்பதுதான்.

அச்சத்தைக் குறைக்கும் செய்திகளும் உண்டு. இந்தப் பூஞ்சை ஈழத்தலரி இனத்தைத் தவிர வேறு செடிகளில் காணப்படுவதில்லை. பக்கத்தில் உள்ள ரோஜாவில் துரு தெரிந்தால் அது வேறு பூஞ்சை, இங்கிருந்து போனதல்ல. மனிதருக்கு இது தொற்றாது. வளர்ந்த மரத்தை இது கொன்றுவிடுவதும் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் இலைகளை முன்கூட்டியே இழக்கும் மரம் உணவைச் சேமிக்க முடியாமல் தளர்கிறது, பூப்பும் குறைகிறது. அண்மையில் வேர்விட்ட பதியன்களும் சிறு தொட்டிச் செடிகளும்தான் கூடுதலாகத் துன்பப்படுகின்றன.

எத்தனை இலைகளைப் பறிக்கலாம்

இந்தக் கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரே மரத்தை இரண்டு நிலைகளில் வைத்துப் பார்ப்போம். சுவரோரம் நிற்கும், ஆள் உயரமுள்ள ஈழத்தலரி. ஏறக்குறைய 80 இலைகள்.

மழை தொடங்கி இரண்டாவது வாரத்தில் இலைகளைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். சுவர்ப் பக்கம் உள்ள கீழ்க்கிளையில் ஐந்து இலைகளில் மட்டும் கொப்புளங்கள். சுவர்ப் பக்கத்தில் தொடங்குவது இயல்புதான், அங்கே காற்றோட்டம் குறைவு, ஈரம் மெதுவாகக் காயும். இந்த நிலையில் ஐந்தையும் எடுத்துவிட வேண்டும். அதற்கு அடுத்துள்ள இரண்டு மூன்று இலைகளையும் சேர்த்து எடுத்தாலும் தவறில்லை. உள்ளே பூஞ்சை நுழைந்து இன்னும் கொப்புளம் வெடிக்காத இலைகள் அவற்றில் இருக்கக்கூடும். 80 இலைகளில் எட்டு போவதை மரம் பொருட்படுத்தாது.

எடுக்கும் முறை முக்கியம். இலையை வெடுக்கென்று இழுத்தால் கிளை குலுங்கி, பொடி கீழே கொட்டும். முதலில் ஒரு பிளாஸ்டிக் பையை அடியிலிருந்து இலையின்மேல் மாட்டிவிடுங்கள். பிறகு காம்பைக் கத்தரியுங்கள். இலை பைக்குள்ளேயே விழும். வெயில் ஏறி இலைகள் காய்ந்த பிறகு, காற்று அடங்கிய நேரத்தில் இதைச் செய்யுங்கள். ஈரமான இலைகளுக்கு நடுவே கை புகுந்தால், தொற்றுக்கு ஆயத்தமாக இருக்கும் இலைகளில் நாமே வித்தைத் தூவியதாகிவிடும். காம்பிலிருந்து வடியும் வெண்பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் பெருந்துன்பம். ஆகவே கையுறை வேண்டும். பையின் வாயைக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். வீட்டு உரக்குழியில் போட வேண்டாம். சிறிய குவியலில் வித்துகளை அழிக்கும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை.

இனி இரண்டாவது நிலை. அதே மரத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் 60 இலைகளில் துரு. இப்போது எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிடலாம் என்ற ஆத்திரம் வரும். வேண்டாம். துருப் பிடித்த இலையிலும் பச்சையாக உள்ள பகுதி மரத்துக்குச் சோறாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. வளர்ச்சிப் பருவத்தின் நடுவில் முழு மரத்தையும் மொட்டையடித்தால், தண்டில் சேமித்ததைச் செலவழித்து அது மீண்டும் தளிர்விட வேண்டும். அந்த இளந்தளிர்களும் அதே மழையில், அக்கம்பக்கத்து மரங்களின் வித்துகள் மிதக்கும் அதே காற்றில்தான் விரியும்.

ஆகவே மஞ்சளாகிவிட்ட இலைகளையும், பாதிக்கு மேல் திட்டுகள் பரவியவற்றையும், தரையைத் தொட்டுத் தாழ்ந்தவற்றையும் மட்டும் பையிட்டு எடுங்கள். கீழே உதிர்ந்து கிடப்பவற்றைப் பொறுக்குங்கள். மற்றவை நிற்கட்டும். நம் கவனம் இனி கிளை நுனிகளில் விரியும் புதிய இலைகளைக் காப்பதில் இருக்க வேண்டும்.

ஈர நேரத்தைக் குறைத்தல்

மழையை நிறுத்த நம்மால் முடியாது. மழைக்குப் பிறகு இலை எவ்வளவு விரைவில் காய்கிறது என்பது மட்டும் ஓரளவு நம் கையில் இருக்கிறது. தொட்டிகளை ஒன்றோடொன்று இலை உரசாத தொலைவில் நகர்த்துங்கள். நிலத்தில் நிற்கும் மரத்தில் உட்பக்கம் நோக்கி வளர்ந்து நெரிசலாகும் கிளைகளை எடுத்துவிடுங்கள். இதை இலை உதிர்ந்த பருவத்தில் செய்வது நல்லது, வெட்டுக்காயம் வறண்ட வானிலையில் சீக்கிரம் காய்ந்துவிடும். தண்ணீரை வேர்ப்பகுதியில் மட்டும், காலையில் ஊற்றுங்கள். மாலையில் இலைமேல் தெளித்த நீர் இரவு முழுவதும் அங்கேயே இருந்துவிடும். வித்து எதிர்பார்ப்பது அந்த இரவைத்தான். வெயில் படாத மூலையில் உள்ள செடியை வெயிலுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது

பூஞ்சைக்கொல்லி அடித்த பிறகும் பழைய திட்டுகள் அப்படியே இருப்பதைக் கண்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். செத்துப்போன இலைத்திசுவை எந்த மருந்தும் மீண்டும் பச்சையாக்காது. மருந்தின் பலனைப் புதிய இலைகளில்தான் அளக்க வேண்டும். அடித்து மூன்று வாரம் கழித்து நுனி இலைகளின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால் அது வேலை செய்கிறது.

மருந்துகள் இரண்டு வகை. மேன்கோசெப், குளோரோதலோனில், தாமிர மருந்துகள், கந்தகம் ஆகியவை இலையின்மேல் படலமாக நின்று, விழும் வித்து முளைக்காமல் தடுக்கின்றன. ஏற்கெனவே உள்ளே நுழைந்த பூஞ்சையை இவை தொடுவதில்லை. மைக்ளோபியூட்டனில், புரோபிகோனசோல், அசாக்ஸிஸ்ட்ரோபின் போன்றவை இலைக்குள் ஊடுருவி, இளம் தொற்றையும் ஓரளவு கட்டுப்படுத்துகின்றன. ஊடுருவும் மருந்து ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தால் அதற்கு ஈடுகொடுக்கும் பூஞ்சை மிஞ்சிப் பெருகும். எனவே வேறு வேலைமுறையுள்ள மருந்தோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். மைக்ளோபியூட்டனிலும் புரோபிகோனசோலும் ஒரே வேலைமுறை கொண்டவை. அவற்றுக்குள் மாற்றிக்கொள்வது மாற்றமே அல்ல.

எந்த மருந்தானாலும் அலங்காரச் செடிகளுக்கு உங்கள் நாட்டில் அனுமதி உள்ளதா என்பதைப் பார்த்து, லேபிளில் உள்ள அளவையும் இடைவெளியையும் அப்படியே பின்பற்றுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, காற்றில்லாத காலையிலோ, இருட்டுவதற்குள் இலை காய்ந்துவிடும் பிற்பகலிலோ தெளியுங்கள். முனையை மேல்நோக்கித் திருப்பி அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். மேற்பக்கத்தில் மட்டும் அடித்த படல மருந்து, வித்து நுழையும் வாசலைத் திறந்தே விட்டுவிடுகிறது. கந்தகத்தைக் கடும் வெயில் நாட்களில் அடித்தால் இலை கருகும். எண்ணெய் மருந்து தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிப்பதும் அப்படியே. வேப்பெண்ணெய் சிறிதளவு தடுக்கும், நோய் முற்றிய மரத்தில் அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

என் கருத்தைச் சொல்கிறேன்: வளர்ந்த மரத்துக்கு, பொதுவாக, மருந்து தேவையில்லை. உயரமான மரத்தின் எல்லா இலைகளின் அடிப்பக்கத்தையும் வீட்டுத் தெளிப்பானால் நனைப்பது நடவாத காரியம். அரைகுறையாக அடித்த மருந்து காற்றோடுதான் போகும். பதியன்களுக்கும், சேகரித்து வளர்க்கும் தொட்டி வகைகளுக்கும், மழைக்கு முன் தளிர்விடும்போதே தொடங்கினால் அது பயனுள்ள செலவு.

இலையில்லாத நாட்கள்

குளிரோ வறட்சியோ வரும்போது ஈழத்தலரி தானாகவே இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பூஞ்சைக்கு உயிருள்ள இலை வேண்டும் என்று பார்த்தோம் அல்லவா? ஆண்டில் அது மிகவும் நலிந்திருப்பது இப்போதுதான். கடைசி இலை விழுந்ததும் மரத்தடியைத் துப்புரவாகப் பெருக்கி, சருகுகளைப் பையிட்டு அகற்றுங்கள். கிளை நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும் ஓரிரு பழைய இலைகளையும் விட்டுவிடாமல் எடுங்கள். புதிய தளிர்களுக்கு நேர் அருகில் வித்தோடு நிற்பவை அவைதான். ஆண்டு முழுவதும் இலையுதிர்க்காத வகை ஒன்று பக்கத்தில் இருந்தால், பூஞ்சை அந்த வகையில் தங்கியிருந்து அடுத்த பருவத்துக்குத் தாவும். அதன் இலைகளை இந்த நாட்களில் கவனமாகத் திருப்பிப் பாருங்கள்.

காற்றில் வரும் வித்தை யாராலும் முழுவதும் தடுக்க முடியாது. எனவே துப்புரவு செய்த மரத்திலும் துரு மீண்டும் வரலாம். ஆனால் பருவத்தின் தொடக்கத்தில் வருவதற்கும் இறுதியில் வருவதற்கும் இடையே மரம் ஒரு முழுப் பூப்புக் காலத்தைப் பெற்றுவிடுகிறது.

புதிதாக வாங்கும் செடியைக் கடையிலேயே இலை திருப்பிப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மூன்று வாரம் மற்ற ஈழத்தலரிகளிடமிருந்து ஒதுக்கி வையுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் தொற்று அதற்குள் கொப்புளமாக வெளிப்பட்டுவிடும். நண்பருக்குக் கிளை வெட்டிக் கொடுக்கும்போது இலைகள் எல்லாவற்றையும் காம்போடு நீக்கி, வெறும் தண்டை மட்டும் கொடுங்கள். ஈழத்தலரித் தண்டு இலையில்லாமலேயே வேர்விடும். அப்படிப் போகும் தண்டில் துரு ஏறிக்கொள்வதற்குப் பச்சை இலை எதுவும் இருக்காது.